சன்னல் கம்பி நிழல எடுக்கப் போயி ரெண்டு ராத்திரி போச்சு

தக்கலைல இருக்க எனக்க அக்கா மக பிளஸ் டூ படிக்கா. கூட்டுக்காரி கெமிஸ்ட்ரி நோட்ட ஒரு நாளைக்கு வாங்கி, காலைல சன்னல் திண்டுல விரிச்சு வச்சு 14 பக்கம் போட்டோ எடுத்துட்டு திருப்பிக் குடுத்துட்டா. வெளிச்சம் நல்லா இருக்கேன்னு அங்க வச்சிருக்கா, ஆனா கம்பி நிழல் பக்கம் முழுக்க வரி வரியா விழுந்து கிடக்கு. ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டா நிழல் விழுந்த இடமெல்லாம் கருப்பா வந்துருக்கு. "மாமா, இத சரியாக்கித் தா"ன்னு அனுப்பிட்டா.

ஒரே அளவு வச்சு கருப்பு வெள்ளையா வெட்டிரலாம்னுதான் முதல்ல நெனச்சேன். ஏழாவது பக்கத்த பெருசாக்கி மவுச வச்சு ஒவ்வொரு எடத்துலயும் வெளிச்ச அளவு பாத்தேன், 0ன்னா கருப்பு, 255ன்னா வெள்ளை. வெயில் பட்ட பேப்பர் 210, அங்க மை 80. நிழல்ல பேப்பர் 75, மை 28. அதாவது வெயில்ல இருக்க மையவிட நிழல்ல இருக்க வெள்ளப் பேப்பர் கருப்பு! பெறகு எந்த நம்பர வச்சு வெட்ட? எடத்துக்கு எடம் தனித்தனி அளவு வச்சு வெட்டுற அடாப்டிவ் த்ரெஷோல்டும் போட்டு பாத்தேன், எழுத்து வந்துச்சு, ஆனா ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி, பின்பக்கத்து மையும் புள்ளி புள்ளியா சேந்து வந்துச்சு.

ஆனா அந்த நாலு நம்பர வகுத்துப் பாருங்க. 80/210 0.38, 28/75 0.37. நிழல் பேப்பரையும் மையையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்துலதான் மங்க வைக்கி, அதனால கழிச்சா சரியாகாது, வகுக்கணும். மை இல்லாத வெறும் பேப்பர் எப்படி இருந்திருக்கும்னு ஒரு படம் உண்டாக்கி அதால வகுத்தா நிழல் போயிரும். வெறும் பேப்பருக்கு டைலேட் பண்ணினா போதும், ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துல உள்ளதுலயே வெளிச்சமான புள்ளியோட மதிப்ப எடுத்துக்கும், மை காணாம போயிரும். இவ படம் 4000க்கு 3000, பேனாக் கோடு ஒம்பது பத்து பிக்சல் இருக்கு, அதனால ஒரு புள்ளியச் சுத்தி எவ்வளவு அகலம் பாக்கணும்னு சொல்லுற கெர்னல 31 பிக்சல் வச்சேன்.

நிழல் போச்சு. ஆனா ஒவ்வொரு கம்பி நிழலோட ஓரத்துலயும் புதுசா ஒரு கருப்புப் பட்டை நிக்கி. சவம், இது எங்கேந்து வந்துச்சுன்னு ஒரு ராத்திரி முழுக்க மண்டைய ஒடச்சேன். பெரிசாக்கிப் பாத்தா பட்டை நிழலுக்கு உள்பக்கம் மட்டும்தான், அகலம் சுமார் 15 பிக்சல். கெர்னல 61 ஆக்கினேன், பட்டை 30 ஆச்சு. சரிபாதி! அப்பதான் பிடி கெடச்சுது. டைலேட் பண்ணும்போ வெயில் பக்கத்து வெளிச்சம் கெர்னல்ல பாதி அளவு நிழலுக்குள்ள ஏறிருது, அந்த எடத்துல 75ஐ 75ஆல வகுக்காம 210ஆல வகுக்கேன், கருக்காம என்ன செய்யும்? ஏறின வெளிச்சத்த அதே அளவு திருப்பி இழுத்தா போதும், அதாவது டைலேட்டுக்குப் பெறகு, பக்கத்துல உள்ளதுலயே இருண்ட புள்ளியோட மதிப்ப எடுக்குற எரோட். ரெண்டும் சேந்ததுதான் குளோசிங். மையும் போகும், நிழலோட ஓரமும் இருந்த எடத்துலயே நிக்கும்.

```python
import cv2
g = cv2.imread("p07.jpg", 0)
k = cv2.getStructuringElement(
    cv2.MORPH_ELLIPSE, (31, 31))
bg = cv2.morphologyEx(g, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.medianBlur(bg, 21)
out = cv2.divide(g, bg, scale=255)
out[out > 225] = 255
```

கடைசி வரி எதுக்குன்னா, நிழல் பகுதிய மூணு மடங்கு தூக்கும்போ அதுல இருந்த பொடிப் புள்ளி நாய்ஸும் மூணு மடங்கு ஆவுது, பேப்பர் மணல் தூவின மாதிரி இருக்கும். 225க்கு மேல உள்ளத வெள்ளையாக்கினா அது போயிரும். ரொம்ப இறக்கினா மங்கலான பென்சில் கோடும் கூடப் போவும், அதனால நான் 225ல நிறுத்திக்கிட்டேன்.

இத 14 பக்கத்துக்கும் ஓட்டி அனுப்பினேன். உடனே போன். "மாமா, ஒம்பதாம் பக்கத்துல பி ஆர்பிட்டால் உள்ள ஷேட் பண்ணினது காணல்ல." ஆமா, வெளிக்கோடு மட்டும்தான் நிக்கி, உள்ள வெள்ளையா இருக்கு. பென்சில் தேச்ச எடம் 75 பிக்சல் அகலம், 31க்குள்ள அடங்கல, அதனால குளோசிங் அதையும் நிழல்னு நெனச்சு தொடச்சிட்டு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் கெர்னல 121 ஆக்கினேன், வந்துருச்சு. கம்பி நிழல் 180 பிக்சல் அகலம் இருந்ததால தப்பிச்சேன், கெர்னல் மைய விடப் பெருசாவும் நிழல விடச் சின்னதாவும் இருக்கணும்.

பதினொண்ணாம் பக்கத்துல அந்த எடவெளியே இல்ல. அங்க தேச்ச கட்டம் 220 பிக்சல், நிழலவிட அகலம். 31 போட்டா கட்டம் வெளுக்கி, 251 போட்டா கட்டம் நிக்கி, ஆனா கம்பி நிழலும் கூடவே நிக்கி. "அது ஒண்ணுதானே, பிரிண்டுல நானே பென்சில வச்சு தேச்சிக்கிடுதேன் மாமா"ன்னுட்டா. சரி மக்ளே, அடுத்த தடவை திண்ணைல வச்சு எடுன்னு சொல்லி வச்சுட்டேன்.