'கொஞ்சம் பஞ்ச்சா மாத்திக் குடுங்க': ஒரு கடக் கலைஞரின் அறிமுகக் குறிப்பைத் திருத்திய அனுபவம்

எனக்குத் தெரிந்த கடக் கலைஞர் ஒருவர், டிசம்பர் சீசன் நிகழ்ச்சிப் புத்தகத்துக்கான தன் அறிமுகக் குறிப்பை அனுப்பி, "அக்கா, கொஞ்சம் பஞ்ச்சா மாத்திக் குடுங்க" என்று கேட்டார். பத்திரிகையில் பிழை திருத்தும் வேலையில் இருப்பதால் இப்படிக் கேட்பவர்கள் எனக்கு உண்டு. இதை வைத்துக்கொண்டு நேராக எழுத உட்கார்ந்தால் வேலை ஓடாது. எந்த வரியில் கை வைப்பது, வைத்து என்ன செய்வது என்று எதுவுமே அந்தக் கோரிக்கையில் இல்லை. அவர் அனுப்பியது இது:

"சிறு வயது முதலே இசையின் மீது தீராத ஆர்வம் கொண்டிருந்த இவர், தனது தந்தையிடம் மிருதங்கத்தின் ஆரம்பப் பாடங்களைக் கற்று, பின்னர் கடம் வாசிப்பில் ஈடுபாடு கொண்டு, தஞ்சாவூரில் குருகுல முறையில் பயிற்சி பெற்று, பல்வேறு முன்னணிக் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்து அனைவரின் பாராட்டையும் பெற்றுள்ளார். அகில இந்திய வானொலியின் பி-ஹை கிரேடு கலைஞரான இவர், இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் எண்ணற்ற கச்சேரிகளில் பங்கேற்றுள்ளார். இளம் தலைமுறையினருக்குக் கடம் பயிற்றுவிக்கும் பணியிலும் தன்னை ஈடுபடுத்திக்கொண்டு வருகிறார் என்பது குறிப்பிடத்தக்கது."

(குருவின் பெயர் இருந்தது, இங்கே எடுத்துவிட்டேன்.)

முதலில் போன் செய்து, "படிக்கும்போது எந்த இடத்துல உங்களுக்கே அலுப்பு தட்டுது?" என்று கேட்டேன். "இடம்னு சொல்லத் தெரியலை, எல்லாரோடதும் மாதிரியே இருக்கு" என்றார். நான் தேடியது இந்தப் பதிலைத்தான். ஒரு குறிப்பு சப்பென்று இருக்கிறது என்று சொல்பவர்கள் மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வருகிறார்கள்: யாருக்கும் பொருந்துகிறது, இழுக்கிறது, அல்லது நல்ல விஷயம் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. மூன்றுக்கும் செய்ய வேண்டிய திருத்தம் வேறு வேறு. யாருக்கும் பொருந்துகிற வரியை எவ்வளவு சுருக்கினாலும் அது சுருக்கமாக யாருக்கும் பொருந்தும், அவ்வளவுதான். அதற்குத் தகவல்தான் மருந்து.

அதனால் ஒவ்வொரு வரியிலும் இவர் பெயருக்குப் பதிலாக இன்னொரு கடக் கலைஞரின் பெயரைப் போட்டுப் படித்தோம். அப்போதும் உண்மையாக இருக்கிற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினேன். 'தீராத ஆர்வம்' என்பதற்குப் பக்கத்தில்: மிருதங்கம் கற்றவர் கடத்துக்கு ஏன் வந்தார்? 'எண்ணற்ற கச்சேரிகள்': எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து? 'இளம் தலைமுறை': எத்தனை பேர், எங்கே? இந்தக் கேள்விகள்தான் 'பஞ்ச்சா' என்ற ஆசையை வேலைப் பட்டியலாக மாற்றின.

பதில்களில் கிடைத்தது குறிப்பில் இருந்ததைவிட எவ்வளவோ மேல். பதின்மூன்று வயதில், ஊர்க் கோயில் கச்சேரிக்குக் கடக்காரர் வராமல் போக, அப்பாவின் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அதோடு மிருதங்கத்தை விட்டுவிட்டார். இதை எழுதாமல் 'ஈடுபாடு கொண்டு' என்று எழுதியிருந்தார்! பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது. கடத்தின் சுருதியை மற்ற வாத்தியங்கள் போல வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்க முடியாது, அதனால் ஒரு கட்டையில் பாடுபவருக்கு ஒரு கடம், ஐந்து கட்டையில் பாடுபவருக்கு வேறு கடம் என்று மானாமதுரையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு ரயிலில் உடையாமல் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று சொன்னார். ஏற்பாட்டாளருக்கு 'அனைவரின் பாராட்டையும்' என்பதைவிட இது பயன்படும். எந்தப் பாடகரோடும் இவரை உட்கார வைக்கலாம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது வினைச்சொற்கள். முதல் வாக்கியத்தில் எல்லா வினைகளுக்கும் அடிக்கோடு போட்டேன்: கொண்டிருந்த, கற்று, கொண்டு, பெற்று, வாசித்து, பெற்றுள்ளார். ஆறில் நான்கு 'கொள்', 'பெறு'. ஒரு மனிதர் என்ன செய்தார் என்று காட்டுகிற வினைகள் கற்று, வாசித்து இரண்டுதான். தமிழில் வாக்கியத்தின் அழுத்தம் கடைசியில், முற்றுவினையில்தான் விழுகிறது. அங்கே 'பாராட்டையும் பெற்றுள்ளார்' உட்கார்ந்திருந்தால் அதற்கு முன்னால் என்ன சொல்லியிருந்தாலும் வீண். 'பயிற்றுவிக்கும் பணியிலும் தன்னை ஈடுபடுத்திக்கொண்டு வருகிறார் என்பது குறிப்பிடத்தக்கது' என்பதில் செயல் ஒன்றுதான், கற்றுத்தருகிறார். மற்றதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் காகிதம்.

ஆனால் வெட்டுவதிலும் ஓர் எல்லை உண்டு. எச்சங்களையெல்லாம் உடைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாக்கினால் 'கற்றார். வாசித்தார். சென்றார்.' என்று எல்லாம் '-ஆர்' என்று முடிந்து, சத்தமாகப் படிக்கும்போது இரங்கல் செய்தி போல ஒலிக்கும். மேடையில் தொகுப்பாளர் இதைத்தான் வாசிக்கப்போகிறார் என்பதால் காதுக்குச் சரிவர வேண்டும். அதனால் ஒரு நீள வாக்கியத்தை விட்டுவைத்தேன், அதன் பின்னாலேயே ஒரு குட்டி வாக்கியம். வானொலி கிரேடுக்கு வினையே வைக்காமல் பெயரில் முடித்தேன்.

முழுசாக மாற்றிய குறிப்பை அனுப்பாமல் பழைய வரி, புதிய வரி, காரணம் என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். மொத்தமாக அனுப்பினால் 'நல்லா இருக்கு', 'என்னமோ இடிக்குது' என்று மறுபடி மொத்தமாகத்தான் பதில் வரும். வரிவாரியாக அனுப்பியதால் அவரும் வரிவாரியாகச் சொன்னார். 'குருகுல முறை' என்பதை நான் அடித்திருந்தேன். "அதை எடுக்காதீங்க அக்கா, நிஜமாவே ஆறு வருஷம் அவர் வீட்டுலதான் இருந்தேன்" என்றார். சரி, அப்படியானால் அதையே எழுதிவிடலாம். குரு பெயர் நீள வாக்கியத்தின் நடுவில் சிக்கியிருக்கக் கூடாது, தனி வாக்கியமாக வர வேண்டும் என்பதும் அவர் கேட்டதுதான். அது மரியாதையும்கூட. 'எண்ணற்ற' போவதில் மட்டும் அவருக்குத் தயக்கம் இருந்தது. கேட்பவர் நம்புவது ஊர்ப் பெயரையும் ஆண்டையும்தான் என்று சொல்லி, பழைய வரியையும் புதிய வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

கடைசியில் போனது:

"கும்பகோணத்தைச் சேர்ந்த (பெயர்), ஊர்க் கோயில் கச்சேரிக்குக் கடக்காரர் வராத ஒரு நாள், தந்தையின் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகக் கடம் வாசித்தார். அப்போது வயது 13. தஞ்சாவூரில் குரு (பெயர்) வீட்டிலேயே 6 ஆண்டுகள் தங்கிக் கற்றவர். அகில இந்திய வானொலியின் பி-ஹை கிரேடு கலைஞர். 2015 முதல் சென்னை டிசம்பர் சீசனில் வாசிக்கிறார். சிங்கப்பூரிலும் கொழும்பிலும் வாசித்திருக்கிறார். எந்தக் கட்டையில் பாடுபவருக்கும் சுருதி சேரும்படி தனித்தனி மானாமதுரைக் கடங்கள் வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் கும்பகோணத்தில் 12 பேருக்குக் கடம் கற்றுத்தருகிறார்."

நீளம் முன்பு இருந்த அளவைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது, அதனால் குறை ஒன்றுமில்லை. வரிசையையும் யோசித்துத்தான் வைத்தோம். புத்தகத்தில் இடம் போதாவிட்டால் அச்சுக்கு அனுப்புபவர்கள் கீழிருந்து வெட்டுவார்கள். மேலே இருக்கும் எந்த வாக்கியமும் கீழே வருவதை நம்பி நிற்காததால், கடைசி வரி போனாலும், அதற்கு முந்தைய வரியும் சேர்ந்து போனாலும், மீதி முழுசாக நிற்கும்.