கிராஜுவிட்டி: பழைய ஆஃபர் லெட்டரில் கிடைத்த விடை

பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் 2016 செப்டம்பர் 12 அன்று சேர்ந்து, 2024 மே 31 அன்று விலகினேன். மொத்தம் 7 வருடம் 8 மாதம் சொச்சம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் 41,600 ரூபாய். டி.ஏ. கிடையாது. கணக்கு முடித்தபோது கிராஜுவிட்டி என்று 1,45,600 ரூபாய் போட்டிருந்தார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அல்சூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அண்ணனிடம் போனேன். அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்த்ததும், "தம்பி, மாசச் சம்பளத்த முப்பதால வகுத்திருக்காங்க. இருபத்தாறால வகுக்கணும்" என்றார்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு, வார விடுமுறை போக மாதம் 26 வேலை நாள் என்றுதான் 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டி சட்டம் எடுத்துக்கொண்டது. 41,600ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,600. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 24,000. நான் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் வெறும் 18,200தான். ஆனாலும் கடைசிச் சம்பளமே எல்லா வருடங்களுக்கும் பொருந்தும். வருடத்துக்கு ஒரு சம்பளம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அப்புறம் வருடக் கணக்கு. ஐந்து வருடத் தகுதி வந்தபின், மிச்ச மாதங்கள் ஆறைத் தாண்டினால் அது முழு வருடம். எனக்கு 8 வருடம். அவர்கள் போட்டதோ 7. ஆக, வரவேண்டியது 1,92,000. 46,400 குறைத்துக் கொடுத்திருந்தார்கள்.

எச்.ஆரிடம் கேட்டதற்கு, "எங்க பாலிசி 30 நாள்தான்" என்றார்கள். சட்டத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க பாலிசி வைக்கலாம், குறைக்க முடியாது. அதை எப்படிப் புரியவைப்பது என்று பழைய கோப்பைப் புரட்டியபோதுதான் 2016இல் தந்த ஆஃபர் லெட்டர் கண்ணில் பட்டது. நிறுவனம் எனக்காகச் செய்யும் மொத்தச் செலவைக் காட்டும் சி.டி.சி. அட்டவணையில் "கிராஜுவிட்டி: மாதம் 875" என்று இருந்தது.

18,200ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 12ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 875 வரும். 30ஆல் வகுத்திருந்தால் 758தான். சி.டி.சி.யைப் பெரிதாகக் காட்ட 26, பணம் கொடுக்கும்போது 30! உங்கள் லெட்டரிலும் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று இருந்தால், அது 26 நாள் கணக்குதான். 30 நாள் கணக்கென்றால் 4.17 சதவீதம் வரும்.

அந்தப் பக்கத்தின் நகலோடு, கிராஜுவிட்டி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் "I" எழுதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உரிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டி சேரும் என்பதையும், அடுத்து தொழிலாளர் துறையில் ஃபார்ம் "N" மனு போடுவேன் என்பதையும் கடிதத்தில் எழுதினேன். பதினெட்டாம் நாள் மீதி 46,400 வங்கிக் கணக்கில் வந்தது.

1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது. அதிலிருந்து விலகுகிறவர்களுக்கும் 15, 26 மாறவில்லை. ஆனால் சம்பளம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது: வீட்டு வாடகைப்படி போன்றவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் அடிப்படையோடு சேர்த்துத்தான் 26ஆல் வகுக்க வேண்டும்.