ஒரு மதிப்பெண்ணும் ஒரு கடிதமும்

கோபமாக எழுதியிருந்தால் பதில் சொல்வது எளிது. அந்தத் தந்தை அப்படி எழுதவில்லை. "மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை ஐயா, எனக்கே புரிந்துகொள்ள ஆசை. நேரம் கிடைக்கும்போது இந்த ஒரு விடையை மட்டும் மறுபடி பார்க்க முடியுமா?" என்று கோடு போட்ட தாளில் எழுதி, பெற்றோர் கையொப்பத்துக்குப் போன விடைத்தாளோடு மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

பத்தாம் வகுப்பு, முக்கோணவியல், இரண்டு மதிப்பெண் வினா:

√((1 + sin θ)/(1 − sin θ)) = sec θ + tan θ என நிரூபிக்கவும்.

நாம் எல்லோரும் போட்டுக்காட்டும் முறை தெரிந்ததுதான். மூலத்துக்குள் மேலும் கீழும் 1 + sin θ-வால் பெருக்கினால் (1 + sin θ)²/cos²θ வரும். மூலம் எடுத்தால் (1 + sin θ)/cos θ. பிரித்து எழுதினால் முடிந்தது.

பையன் அப்படிப் போகவில்லை. இடப்பக்கத்தின் வர்க்கத்தைத் தனியாகவும் வலப்பக்கத்தின் வர்க்கத்தைத் தனியாகவும் கண்டுபிடித்தான். இரண்டும் (1 + sin θ)/(1 − sin θ) என்று வந்தன. "வர்க்கங்கள் சமம், எனவே இரு பக்கமும் சமம்" என்று முடித்திருந்தான். நான் ஒரு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பில் எழுதினேன்: "3-க்கும் −3-க்கும் வர்க்கம் ஒன்றுதான். அதனால் அவை சமமா?"

குறிப்பு சரியானதுதான், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. θ = 120° என்று வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சுமார் 3.73, வலப்பக்கம் −3.73. வர்க்கங்கள் சமம், பக்கங்கள் சமமில்லை. குறியைக் கவனிக்கவில்லை என்றால் நிரூபணம் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

கடிதத்தின் இரண்டாவது பத்தியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "உங்கள் குறிப்பு எனக்குப் புரிந்தது. ஆனால் வகுப்புக் குறிப்பேட்டில் உள்ள முறையிலும் cos²θ-வுக்கு மூலம் எடுக்கும்போது cos θ என்றே எழுதியிருக்கிறது. 120°-க்கு cos θ குறை எண். θ குறுங்கோணம் என்று அங்கே எடுத்துக்கொள்வதானால், என் மகனின் விடையிலும் எடுத்துக்கொள்ளலாமா? நான் தவறாகப் புரிந்திருந்தால் மன்னிக்கவும்."

டியூஷன் சார் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். யார் எழுதினால் என்ன, கேள்வி கேள்விதானே. குறிப்பேட்டில் இருந்தது நான் கரும்பலகையில் போட்டது. கறாராகப் பார்த்தால் cos²θ-வின் மூலம் |cos θ|. மட்டுக்குறியைப் பத்தாம் வகுப்பில் யாரும் போடுவதில்லை. செங்கோண முக்கோணத்தை வைத்துத்தான் விகிதங்களையே சொல்லித்தருகிறோம், θ 90°-க்குள்தான் இருக்கும், cos θ மிகை எண். ஆகவே ஓட்டை இல்லை. ஆனால் அதே காரணத்தால் அவன் விடையிலும் ஓட்டை இல்லை! sec θ, tan θ இரண்டும் மிகை எண்கள், மூலமும் மிகை எண், வர்க்கங்கள் சமமானால் பக்கங்கள் சமமாகத்தான் வேண்டும்.

ஓய்வறையில் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். "கீயில இருக்கிற படி வந்தா மார்க்கு. வேற வழி சரியா இருந்தாலும் மார்க்குதான். இது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லு" என்றார். அதைத்தானே அவரிடம் கேட்கப் போனேன்.

மதிப்பெண்ணை மாற்றவில்லை. "வர்க்கப்படுத்தும்போது குறியைப் பற்றி ஒரு வரி எழுதும் பழக்கம் பதினோராம் வகுப்பில் உதவும். அங்கே கோணம் எல்லாக் கால்பகுதிகளிலும் வரும்" என்று பதில் எழுதி அனுப்பினேன். அது பொய்யில்லை. வர்க்கப்படுத்துவது ஆபத்தான படி. அந்த வழியைத் தேர்ந்தவன் அவன், ஆகவே காரணம் சொல்ல வேண்டியவனும் அவன்தான். இப்படி யோசிக்கும்போது என் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. உடனே இன்னொன்றும் தோன்றும்: மூலம் எடுப்பதும் அதே ஆபத்துதானே? அந்த வரியில் ஒன்றும் சொல்லாமல் தாண்டிய மற்ற பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டேனே. அவர்கள் பார்த்து எழுதிப் பழகிய வரி அது. இவன் வரி சொந்தமாக யோசித்தது. நான் குறைத்தது குறிக்காகவா, பழக்கமில்லாத முறைக்காகவா என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தந்தையிடமிருந்து "நன்றி ஐயா, புரிந்தது" என்று ஒரு வரி வந்தது. என்ன புரிந்தது என்று அவர் எழுதவில்லை.

இந்த ஆண்டு அதே கணக்கை நடத்தும்போது முதல் வரியாக "θ குறுங்கோணம், எனவே cos θ > 0" என்று எழுதிப்போட்டேன். இதை எழுதாவிட்டால் மதிப்பெண் குறையுமா என்று ஒரு மாணவி கேட்டாள். குறையாது என்றேன். பாதிப் பேர் அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.