அக்டோபர் கணக்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எங்கள் ஜவுளிக்கடையின் கிளைக்கு மேனேஜர் தேடிக்கொண்டிருந்தோம். விளம்பரத்தில் கேட்டது மூன்று: சரக்கு இருப்பைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், ஆட்களுக்கு ஷிப்ட் போடத் தெரிய வேண்டும், டார்கெட் அடித்த அனுபவம் வேண்டும்.

வந்த ரெஸ்யூம்களில் தருமபுரிக்காரர் ஒருவருடையதை முதலாளி தனியாக எடுத்து வைத்திருந்தார். '2024 அக்டோபரில் முந்தைய அக்டோபரைவிட 42% கூடுதல் விற்பனை' என்ற வரியின் கீழ் இரண்டு கோடு.

"இவரையே வரச் சொல்லிடுப்பா."

எனக்கு அந்த மாதம்தான் உறுத்தியது. 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. ஜவுளிக்குக் கூட்டம் சேருவது பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம். முதல் வருஷம் அது பெரும்பாலும் நவம்பரில் விழுந்தது, அடுத்த வருஷம் முழுக்க அக்டோபரில். மேனேஜர் கை கட்டி நின்றிருந்தாலும் அக்டோபர் ஏறியிருக்கும்.

போன் போட்டேன். வேறு கடையின் ரூபாய்க் கணக்கைக் கேட்பது முறையில்லை. "2023 அக்டோபரை நூறுன்னு வச்சுக்கிட்டு மத்த மூணு மாசத்தைச் சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: 2023 நவம்பர் 140, 2024 அக்டோபர் 142, நவம்பர் 105. இரண்டிரண்டு மாதமாகக் கூட்டினால் 240, 247. வளர்ச்சி 3 சதவீதம். துணி விலை ஏறினதே அவ்வளவு இருக்கலாம்.

"நானும் அப்படிப் பார்க்கல சார்" என்றார். பொய் சொல்லும் குரலாக இல்லை.

ஷிப்ட் பற்றி '22 பேரை நிர்வகித்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். அது ஆட்களின் எண்ணிக்கை, ஷிப்ட் போட்டதற்குச் சான்று இல்லை. கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது: பென்னாகரம், பாலக்கோட்டிலிருந்து வரும் பெண்களுக்குக் காலை ஷிப்ட், உள்ளூர் ஆட்களுக்குக் கடை அடைக்கும் ஷிப்ட், ஞாயிறு யாருக்கும் வார லீவு கிடையாது, புதன், வியாழனில் பிரித்துக் கொடுப்பது. இதை ஏன் எழுதவில்லை என்று எனக்கே ஆதங்கம்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில், யாரும் கோடு போடாத ஒரு வரி இருந்தது. செவ்வாய்தோறும் ஒரு செக்‌ஷனைக் கையால் எண்ணி கம்ப்யூட்டர் இருப்போடு ஒத்துப் பார்த்ததில், விற்பனையில் 1.8 சதவீதமாக இருந்த சரக்கு வித்தியாசம் ஒரு வருஷத்தில் 0.7 ஆனதாம். எப்படிச் செய்தார் என்பதும் அதிலேயே இருந்தது. கறைபட்ட, கிழிந்த துணியைத் தனியே 'டேமேஜ்' என்று எழுதித் தள்ளினாலும் வித்தியாசம் குறைந்த மாதிரி தெரியும், அதனால் அதையும் கேட்டேன். இரண்டு வருஷமுமே டேமேஜ் அதில் சேரவில்லை, டேமேஜும் கூடவில்லை என்றார். அப்படியானால் ஒப்பிடலாம்.

42-ஐ அடித்து 3 என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை வரிக்கு இரண்டு கோடு போட்டு, ரெஸ்யூமை மறுபடி முதலாளி மேஜையில் வைத்தேன்.