கேள்வியில் இருக்கும் கடிகாரம்

நர்சிங் தேர்வுக்குப் படிக்கும் ஜூனியர்களோடு வார்டில் உட்கார்ந்து கேள்வித்தாள் போடும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், இப்போது மணி என்ன என்பதைத்தான். மருந்தின் பெயரை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், மணியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். காலை 7.30-க்கு என்.பி.எச். இன்சுலின் போட்டாயிற்று. குமட்டலால் நோயாளி மதியச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. மாலை 3.30-க்கு வியர்வை, நடுக்கம், பேச்சில் கொஞ்சம் குழப்பம். குளுக்கோமீட்டர் 52 காட்டுகிறது.

என்.பி.எச். வேலையைத் தொடங்க 1 முதல் 2 மணி நேரம் ஆகும், உச்சம் 4 முதல் 12 மணி நேரத்துக்குள் வரும். எட்டாவது மணி நேரம் சரியாக அதன் நடுவில் விழுகிறது. அதே ஊசி ரெகுலர் இன்சுலினாக இருந்தால் அரை மணியில் தொடங்கி 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சம் போயிருக்கும், ஆபத்து முற்பகலிலேயே வந்திருக்கும். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் மாதிரி வேகமானவை கால் மணியில் தொடங்கி சுமார் ஒரு மணி நேரத்தில் உச்சம் தொடும், அதனால் சாப்பாடு கைக்கு எட்டும்போதுதான் போட வேண்டும். கிளார்ஜினுக்குச் சொல்லும்படியான உச்சம் கிடையாது. புத்தகத்துக்குப் புத்தகம் எண்கள் கொஞ்சம் மாறும், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வரிசை மாறாது.

சரி, முதலில் என்ன செய்வது? 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். டாக்டருக்குத் தகவல், குளுக்ககான் ஊசி, பழச்சாறு என்று விடைகள் இருந்தால் பலர் குளுக்ககானுக்குத் தாவுவார்கள், 52 என்ற எண் பயமுறுத்திவிடுவதால். ஆனால் இங்கே முடிவு செய்வது எண் இல்லை, அவரால் பாதுகாப்பாக விழுங்க முடியுமா என்பதே. குழப்பம் லேசாகத்தான் இருக்கிறது, விழித்திருக்கிறார், விழுங்குகிறார், அப்படியானால் 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது சுமார் 120 மி.லி. பழச்சாறு. சாக்லேட் வேண்டாம், கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதமாக்கும். நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஐ.வி. லைன் இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ், இல்லையென்றால் குளுக்ககான் 1 மி.கி. தசையில் போட்டுவிட்டு, வாந்தி வரலாம் என்பதால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும்.

15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறோம், 84. பலர் இதோடு கேள்வி முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். சாற்றின் சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும், என்.பி.எச்.சின் உச்சமோ இன்னும் சில மணி நேரம் ஓடலாம். மதியமும் சாப்பிடவில்லை. ஆகவே அடுத்த சரியான விடை மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த சிற்றுண்டி. குமட்டலால் அதையும் சாப்பிட முடியவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டியது அப்போதுதான், மாலை முழுக்க சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டியதும் அப்போதுதான்.