இருபத்தோராயிரம் பிளேட்லெட்டும் ஒரு வீண் இரவும்

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பாதி எரிச்சல் என் மேலேயேதான்.

சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்று ஒரு வயதான அம்மா வார்டுக்கு வந்தார். இரவு ஒன்பதரைக்கு ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 6.9, சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 64, வெள்ளணு 16,800, அதில் நியூட்ரோஃபில் 88 சதவீதம், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் வெறும் 21,000. கடைசி எண்ணைப் பார்த்ததும் மற்ற எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. டியூட்டி டாக்டர் பிளேட்லெட்டுக்கு எழுதினார், மகள் ரத்த வங்கிக்கு ஓடினார். தசையில் ஊசி வேண்டாம், மென்மையான பிரஷ், ரத்தம் எடுத்த இடத்தில் ஐந்து நிமிடம் அழுத்தம் என்று நானும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். தப்பான நோய்க்கு.

அதிகாலை நான்கு மணிக்கு அந்த அம்மா தானாக எழுந்து பாத்ரூம் போய், தலை சுற்றி வாசலில் சரிந்துவிட்டார். பிளேட்லெட் 21,000 என்று நம்பிக்கொண்டிருக்கும்போது தலையில் அடி என்றால் எப்படி இருக்கும்! ஸ்கேன் எடுத்து, மணிக்கொரு தரம் கண்பாவையும் நினைவும் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிவதற்குள் விடிந்துவிட்டது.

அவரைச் சாய்த்தது ரத்தசோகை. மாலையிலிருந்தே பல்ஸ் 118, இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கியது. காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிட்டேன். விரலில் மாட்டும் கருவி சாச்சுரேஷன் 98 காட்டியதும் ஒரு காரணம். இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். ஹீமோகுளோபினே பாதிதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 6.9 என்று பார்த்த உடனே கட்டில் கம்பியை ஏற்றி, அழைப்பு மணியைக் கையில் கொடுத்து, “என்னைக் கூப்பிடாமல் எழக் கூடாதும்மா” என்று சொல்லியிருக்க வேண்டும். எழுப்பும்போதும் முதலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்புறம்தான் நிற்க வைக்க வேண்டும்.

காலையில் லேப் அக்காவிடம் புலம்பினேன். அவர் ரிப்போர்ட்டின் அடியைக் காட்டினார்: PLT Clumps. மிஷினே சொல்லியிருக்கிறது, நாங்கள் அந்த வரி வரைக்கும் படிக்கவே இல்லை. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் பிளேட்லெட்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடந்தன. சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ பட்டதும் இப்படித் திரளும். மிஷின் ஒரு கொத்தை ஒரு பிளேட்லெட் என்று எண்ணும், பெரிய கொத்தாக இருந்தால் வெள்ளணு என்றுகூட எண்ணிவிடும். குழாய் நேரம் கழித்து லேப் போனால் இன்னும் மோசம். (ரத்தம் எடுத்ததும் குழாயை மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்க்காமல் விட்டாலும் கட்டி விழுந்து எண்ணிக்கை குறையும். அதுவும் நடப்பதுதான்.)

நீல மூடிக் குழாயில், கோடு வரை நிரப்பித் திரும்ப அனுப்பினேன். பிளேட்லெட் 1,53,000. அந்தக் குழாயில் இருக்கிற சிட்ரேட் திரவம் ரத்தத்தை நீர்க்க வைப்பதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும், ஆக ஏறக்குறைய 1,68,000. நான் யோசித்திருந்தால் இரவே சந்தேகம் வந்திருக்கும்: உடம்பில் ஒரு ரத்தக்கட்டு இல்லை, ஈறு கசியவில்லை, பிபி பட்டை கட்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எம்சிவி 64, அதாவது சிவப்பணு சிறுத்திருக்கிறது என்றால் இரும்புச் சத்துக் குறைவைத்தான் முதலில் நினைப்போம். அதில் பிளேட்லெட் பெரும்பாலும் சரியாக இருக்கும், இல்லையென்றால் கூடும்.

வெள்ளணுவைக் கண்ணால் எண்ணியதில் 14,200 வந்தது. கொஞ்சம் குறைந்தாலும் தொற்று நிஜம்தான், ஸ்மியரில் முதிராத நியூட்ரோஃபில்களும் இருந்தன. ஆன்டிபயாடிக் அப்படியே தொடர்ந்தது.

பிளேட்லெட் ரத்தாகி, சிவப்பணுப் பையான பேக் செல் ஒன்று எழுதினார்கள். அதிலும் ஒரு சிக்கல்: அம்மாவுக்கு அப்போது 38.4 டிகிரி. ஏற்கெனவே காய்கிறவருக்கு ரத்தம் ஏற்றினால், பிறகு வரும் காய்ச்சல் தொற்றா, ரத்தம் ஒத்துக்கொள்ளாததா என்று எப்படிச் சொல்வது? டாக்டரிடம் கேட்டு, பாராசிட்டமால் கொடுத்து, 37.6க்கு இறங்கியதும் அந்த எண்ணைக் குறித்துவிட்டுத்தான் பையைத் தொங்கவிட்டேன். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். அந்த 37.6இலிருந்து ஒரு டிகிரி ஏறினாலோ, குளிர் நடுக்கமோ முதுகுவலியோ வந்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். ஒன்றும் வரவில்லை. நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தது.

கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்: “பிளேட்லெட்டுக்கு நீல மூடி மட்டும்.” மறுநாள் இரவு ஃபோன் அடித்தது. ஜூனியர் தங்கை, மூச்சு வாங்க: “அக்கா, பிளேட்லெட் இருபத்து நாலாயிரம்தான் இருக்கு!”

“எந்த மூடி?” என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை.