தலையை மாற்றிய பிறகுதான் ரீடச்

குடும்பத்தார் பதினோரு பேர் நிற்கும் ஒரு குழுப் படம் வேலைக்கு வந்தது. எல்லோரும் நன்றாக விழுந்திருந்த ஃபிரேமில் நடுவில் நிற்கும் பெரியம்மா மட்டும் கண்ணை மூடியிருந்தார். அடுத்தடுத்து எடுத்ததில் இன்னொரு ஃபிரேமில் அவர் முகம் அழகாக இருந்தது. அங்கிருந்து தலையை எடுத்து இங்கே வைக்க வேண்டும். அந்த இரண்டாவது ஃபிரேமை, "வேலை மிச்சம்" என்று ஏற்கெனவே சருமத்தை ரீடச் செய்த ஜேபெக் கோப்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஃபோட்டோஷாப்பில் வைத்துப் பார்த்தேன். தூர நின்று பார்த்தால் குறையில்லை. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியதும் தாடைக்குக் கீழே விஷயம் வெளிப்பட்டது. கழுத்தில் துளைகளும் மெல்லிய கோடுகளும் தெரிகின்றன, கன்னமோ வழவழவென்று இருக்கிறது. மாஸ்க்கின் ஓரத்தை எவ்வளவு மென்மையாக்கினாலும் அந்த மாற்றம் மறையவில்லை, கொஞ்சம் அகலமாகப் பரவியது, அவ்வளவுதான். அதனால் இரண்டு ஃபிரேமுக்கும் ரா கோப்பைக் கேட்டு வாங்கினேன்.

முன்பே ரீடச் செய்த தலை ஏன் ஒட்டாது என்பதற்கு இரண்டு காரணங்கள். தலையைச் சுழற்றினாலோ அளவு மாற்றினாலோ மென்பொருள் ஒவ்வொரு பிக்சலையும் புதிதாகக் கணக்கிடுகிறது. அதில் நுணுக்கமான டெக்ஸ்சர் கொஞ்சம் கரையும். ஏற்கெனவே மிருதுவாக்கிய சருமத்தில் கரைய மிச்சம் எதுவும் இருக்காது. அடுத்தது இன்னும் முக்கியம். தலையை வைத்த பிறகு நிறமும் வெளிச்சமும் பொருந்த கர்வ்ஸ் போட்டே ஆக வேண்டும். கர்வ்ஸ் கான்ட்ராஸ்டைக் கூட்டும்போது, முன்பு ஹீலிங் பிரஷ் பட்ட இடங்கள் திட்டுத் திட்டாக மேலே வரும். பழைய வெளிச்சத்துக்குச் சரியாக இருந்த ஒட்டு புது வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, செய்த விதத்துக்கு வருகிறேன். ரா கோப்புகள் இரண்டுக்கும் வொயிட் பேலன்ஸ், ஷார்ப்பனிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் மூன்றையும் ஒரே அளவில் வைத்தேன். இந்த இடத்தில் வித்தியாசம் வந்தால் பின்னால் என்ன ரீடச் செய்தாலும் இரண்டு சருமமாகவே தெரியும். தலையை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாகக் கொண்டுவந்தேன். அப்போதுதான் எத்தனை முறை அளவை மாற்றினாலும் அது மூலத்திலிருந்தே கணக்கிடும், மாற்றத்தின் மேல் மாற்றம் சேராது. இரண்டாவது ஃபிரேம் சற்றுக் கிட்டத்தில் எடுத்தது என்பதால் தலையை 93 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டியிருந்தது. தாடை நிழலுக்குள் மாஸ்க்கின் எல்லையை வைத்து, அந்த லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் போட்டுக் கழுத்து நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் கிரெயின். சுருக்கும்போது நாய்ஸும் சராசரியாகிக் குறைந்துவிடும். சேனல்களில் நீலத்தை மட்டும் திறந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். கழுத்தில் பொடிமணல் போல இருந்தது முகத்தில் அடங்கிப் போயிருந்தது. 50 சதவீத சாம்பல் நிறம் நிரப்பிய லேயரைத் தலையோடு கிளிப் செய்து, ஓவர்லே மோடில் வைத்து, ஒரே நிற நாய்ஸ் 2 சதவீதம் சேர்த்து, அரை பிக்சலுக்கும் குறைவாக மங்கலாக்கினேன். இந்த எண் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. பக்கத்துச் சருமத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் ரீடச். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெற்று லேயர், ஹீலிங் பிரஷில் Current & Below. முகத்தையும் கழுத்தையும் ஒரே சருமமாக நினைத்து, ஒரே பிரஷால், ஒரே அளவு கடுமையோடு போனேன். பருவையும் மூக்கின் மேல் இருந்த சிறு கீறலையும் எடுத்தேன். கண்ணோரச் சுருக்கங்களை விட்டுவிட்டேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவை இருக்கும்போது இவருக்கு மட்டும் இல்லையென்றால், தலை மாற்றியதை அதுவே சொல்லிவிடும். டெக்ஸ்சரையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரிக்கும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் தேவைப்படுகிறவர்களும் இந்தக் கட்டத்தில், Ctrl+Alt+Shift+E போட்டு எல்லாம் ஒன்றான லேயரின் மேல் செய்வதே நல்லது.

உடல் இருக்கும் படம் ஏற்கெனவே ரீடச் ஆகி, லேயர்களும் கையில் இல்லையென்றால்? அப்போதும் ரீடச் செய்யாத தலையை வைத்து, நிறம் பொருத்தி, பிறகுதான் அதன் சருமத்தைக் கழுத்தின் வழவழப்புக்கு இறக்குவேன். எதிர்த் திசையில் வேலை கடினம்: இருக்கும் டெக்ஸ்சரைக் குறைக்கலாம், போனதை அதே முகத்திலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

இந்த வரிசை காப்பாற்றாத இடமும் உண்டு. ஒரு ஃபிரேமில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தும் இன்னொன்றில் நேராகவும் விழுந்திருந்தால், துளைகளின் நிழலே வேறு மாதிரி இருக்கும். அதை நாய்ஸும் ஹீலிங்கும் சரிசெய்யாது. அப்படிப்பட்ட ஃபிரேமை நான் எடுப்பதே இல்லை. சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஒரே வெளிச்சத்தில் உள்ள வேறொன்றைத்தான் தேடுவேன்.